மதினி மாசமா இருக்காக, அண்ணன் கை நீட்டுது: வெளிய தெரியாம எங்க கேக்குறது?

பாம்பன் நாத்தனார் | 20 ஏப்ரல் 2025, இரவு 11.40

பாம்பன் பக்கம்னு மட்டும் வச்சுக்கங்க, ஊரு சரியாச் சொல்ல மாட்டேன். மதினிக்கு மூணு மாசம். கல்யாணமாகி இத்தனை வருசத்துல அண்ணன் சட்டி பானைய எறிஞ்சு பாத்திருக்கேன், ஆனா அவுக மேல கை வச்சதில்ல. எனக்குத் தெரிஞ்சு இல்ல. இப்ப திரும்பத் திரும்ப அடிக்குது.

ஆரம்பிச்சது ஸ்கேன்லருந்து. அண்ணன் பஹ்ரைன்ல போட்டுல வேலை பாத்துட்டு ஜனவரி 31ந்தேதிதான் வந்துச்சு. ஏப்ரல் 16ந்தேதி ஸ்கேன்ல 12 வாரம்னு எழுதிக் கொடுத்தாக. பின்னால எண்ணிப் பாத்தா ஜனவரி 22 வருது. "அன்னிக்கு நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன், இது யாரு பிள்ளை"ன்னு ஆரம்பிச்சது.

மதினி வாயே தொறக்கல. அம்மா "மாசமா இருக்கிற பொம்பள, சத்தம் வெளிய போகக்கூடாது"ங்குறாக. நான் அடிக்கிறவனோட தங்கச்சி. நான் எங்க போயி கேக்குறது? போலீசுக்குப் போனா மதினியவே குத்தம் சொல்லுவாக வீட்ல.

வல்லத்துக்காரர், தொண்டி | 21 ஏப்ரல், காலை 6.15

தடைக்காலம் தொடங்கியாச்சு தாயி. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆம்பளை சும்மா கெடந்தா குடிப்பான், குடிச்சா அடிப்பான். கடல் தொறந்ததும் சரியாயிரும். அத விட ஒண்ணு, மாசமா இருக்கிற பொம்பள மேல எங்க ஊர்ல எவனும் கை வைக்க மாட்டான். கல்மனசுக்காரன் கூட பிள்ளைக்காகக் கைய மடக்கிருவான். ஊர்த் தலைவர்கிட்ட ஒரு வார்த்தை போடு, கூப்பிட்டுக் கண்டிப்பாரு.

புதுமாப்பிள்ளை | 21 ஏப்ரல், காலை 9.02

எங்க வீட்லயும் இதே நிலைமைதான் சகோதரி. என் மனைவிக்கு அஞ்சாவது மாசம், எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழுறாங்க. ஹார்மோன்னு டாக்டர் சொன்னார். இளநீர், கொஞ்சம் நடை, பாட்டு கேக்கச் சொல்லுங்க.

பாம்பன் நாத்தனார் | 21 ஏப்ரல், மதியம்

அண்ணே, கோவப்படுறது மதினி இல்ல. அடி வாங்குறது மதினி.

செவிலியம்மா | 22 ஏப்ரல், இரவு 8.30

கிராம சுகாதாரச் செவிலியராக இந்தக் கடற்கரையில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். முதலில் அந்த 12 வாரத்தைப் பார்ப்போம். இதே கணக்கில் நான் பார்த்த குடும்பங்களில் சண்டை வந்திருக்கிறது.

ஸ்கேனில் எழுதும் வாரம் கரு உண்டான நாளில் இருந்து எண்ணுவது இல்லை. கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளில் இருந்து எண்ணுவது. கரு தங்குவது அதற்கு ஏறத்தாழ 2 வாரம் கழித்து. ஜனவரி 22ல் தீட்டு என்றால் கரு தங்கியது பிப்ரவரி 5ஐ ஒட்டி. உன் அண்ணன் வந்தது ஜனவரி 31. அதோடு அந்த மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் கணக்கே 5, 7 நாள் முன்னே பின்னே போகும். கணக்கு நேராக நிற்கிறது. சந்தேகப்பட அதில் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்கும் கடலுக்கும் போய் வருகிற ஆண்கள் உள்ள ஊர்களில் ஸ்கேன் சீட்டைக் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை.

தொண்டிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சில வீடுகளில் பிள்ளை உண்டானதும் அடி குறைகிறது, நானே கண்டிருக்கிறேன். ஆனால் யாருமே கை வைக்க மாட்டார்கள் என்பது கிடையாது. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் கேட்டு 2005ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான இடங்களில் கர்ப்பமான பெண்களில் 100க்கு 4 முதல் 12 பேர் அந்தக் காலத்தில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். அவர்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ பட்டவர்கள். அடித்தவர் 100க்கு 90க்கு மேல் அந்தக் குழந்தையின் தகப்பன்தான்.

முன்பே அடி இருந்த வீட்டில் கர்ப்பத்திலும் தொடர்வதுதான் அதிகம். கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. எதிர்பாராத கர்ப்பம், மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்ற பேச்சு, "இது என் பிள்ளைதானா" என்ற சந்தேகம், இந்த மூன்றும் என் அனுபவத்தில் மோசமானவை. உன் வீட்டில் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

பாம்பன் நாத்தனார் | 22 ஏப்ரல், இரவு 10.10

உக்காந்து காலண்டர்ல எண்ணிப் பாத்தேன். சரியா வருது. அழுகையா வந்துச்சு. நாளைக்கே அண்ணன்கிட்ட இந்தக் கணக்கச் சொல்லிரவா?

கீழக்கரைப் பொண்ணு | 23 ஏப்ரல்

சொல்லாதீங்க லாத்தா, அவசரப்பட்டு.

எங்க ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வர்றது. வீடு என் பேர்ல, உம்மா கீழ, நாங்க மாடியில. அதனால எனக்கெல்லாம் இது நடக்காதுன்னு நெனச்சேன். அவர் துபாயில இருந்துக்கிட்டே செஞ்சார். வீடியோ கால் எடுக்கலன்னா பணம் வராது. செக்கப் போயிட்டு வந்தா எந்த டாக்டர், ஆம்பளையா, எத்தனை நிமிசம்னு கேள்வி. ஆறாவது மாசம் லீவுல வந்தவர் கழுத்தப் புடிச்சார். உம்மா கீழ மீன் அறுத்துக்கிட்டிருந்தாங்க. சத்தம் வரல, ஏன்னா கழுத்து அவர் கையில.

எனக்கும் ஒரு சந்தேகக் கணக்கு இருந்துச்சு, அத அவருக்குத் தெளிவா வெளக்கினேன். ஒத்துக்கிட்டார். அடுத்த வாரம் வேற காரணம். அதுக்கப்புறந்தான் புரிஞ்சது, அவருக்குக் காரணம் ஒரு சாக்குன்னு. பிள்ளை பொறந்தப்புறமும் நிக்கல, பாலூட்டுற நேரத்துலதான் ரொம்ப மோசம்.

செவிலியம்மா | 24 ஏப்ரல்

கீழக்கரைப் பிள்ளை சொன்ன கழுத்து விஷயத்தை எல்லாரும் கவனியுங்கள். கழுத்தை நெரிப்பது உயிருக்கு நேராக வரும் ஆபத்து. மேலே தடம் தெரியாமலே உள்ளே வீங்கலாம். பிறகு குரல் கம்மினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, மயக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பாம்பன் பிள்ளைக்கு: கணக்கை அண்ணனிடம் நீ சொன்னால் "உனக்கு யார் சொன்னது, அவள் உன்கிட்ட என்ன சொன்னாள்" என்று அடி அவளுக்குத்தான் போகும். முதலில் மதினியைத் தனியாகப் பார். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் நாள். துணைக்கு நீ போ. எடை பார்க்கிற இடம், சிறுநீர் எடுத்து வரச் சொல்லும் நேரம், வயிற்றைப் பார்க்கும் திரைக்குப் பின்னால், இந்த மூன்றிலும் கூட வந்தவரை வெளியே நிறுத்த முடியும். "பரிசோதனை, வெளியே இருங்கம்மா" என்றால் மாமியார்கூட எதிர்த்துப் பேசமாட்டார். நான் அங்கேதான் கேட்பேன்: "வீட்ல பயமா இருக்கா? யாராச்சும் கை ஓங்குறாங்களா?" முதல் தடவை பெரும்பாலும் பதில் வராது. கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் மனதில் நிற்கும். அடுத்த முறை அவளாகவே உட்காருவாள்.

ஒரு பெண்ணோடு எனக்கு ஒரு வார்த்தை ஏற்பாடு இருந்தது. "சிஸ்டர், இரும்பு மாத்திரை தீந்து போச்சு" என்று போன் வந்தால் ஆபத்து என்று அர்த்தம். பக்கத்தில் புருஷன் நின்றாலும் பேசலாம்.

நம்பர் எழுதிய காகிதத்தை அவள் பையில் வைக்காதே. பெண்கள் உதவி எண் 181, மூன்றே இலக்கம், மனதில் நிற்கும்.

பாம்பன் நாத்தனார் | 29 ஏப்ரல், செவ்வாய்

போயிட்டு வந்தோம். அம்மாவுக்குக் கால் வலி, நாந்தான் கூட போனேன். திரும்புறப்ப பஸ் ஸ்டாப்புல மத்தியான வெயில்ல யாருமே இல்ல. "மதினி, எனக்குத் தெரியும். ஒங்க பக்கம் இருக்கேன்"னு மட்டும் சொன்னேன். பாலத்தையே பாத்துக்கிட்டு நின்னாக. பஸ் வர்றப்ப, "ஒங்க அண்ணன் கெட்டவரு இல்ல, எனக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போகணும்"னாக. ரெண்டும் ஒரே மூச்சுல.

கணக்க அவுகளுக்குச் சொன்னேன். அவுகளுக்கே அது தெரியல. தன் மேல தப்பில்லன்னு தெரிஞ்சும், டாக்டர் எழுதினத எப்படி மறுக்கன்னு பேசாம இருந்திருக்காக.

பரமக்குடி வக்கீல் | 2 மே

அடிக்கிறவருடைய தங்கச்சி புகார் சொல்லலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை. சொல்லலாம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005ல், 4வது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது. ஆனால் உங்கள் மதினிக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். அலுவலர் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போன அந்த இரவு மதினிக்குத்தான் கஷ்டம்.

இந்தச் சட்டத்தில் முதலில் கேட்பது பாதுகாப்பு, தங்க இடம், செலவுக்குப் பணம். புருஷனை உள்ளே வைப்பது அல்ல. பெண்கள் பலரும் போலீஸ் என்றாலே ஜெயில் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். பாதுகாப்பு அலுவலர் சமூகநலத் துறையில் இருப்பவர். நடந்ததைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி வைப்பார். அதை வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுவது பிறகு எப்போது வேண்டுமானாலும். மனு போட்டால் 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். இடைக்கால உத்தரவு முன்னதாகவே வாங்கலாம். வக்கீலுக்குக் காசு வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

பாம்பன் நாத்தனார் | 11 மே

181க்கு நான் பேசினேன். மொட்டை மாடியில காயப்போட்ட கருவாட்ட அள்ளுறேன்னு போயி. பேரு சொல்லல, கட்டாயப்படுத்தவும் இல்ல. எடுத்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "இப்ப பேசுறது உங்களுக்குப் பாதுகாப்பா?" அடுத்தது, கழுத்தப் புடிச்சாரா, வயித்துல அடிச்சாரா, கொன்னுருவேன்னு சொன்னாரா, வீட்ல அருவா கத்தி கையெட்டுற தூரத்துல இருக்கான்னு. மீன்காரன் வீடு, கத்தி எங்க இல்ல?

ராமநாதபுரத்துல ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கு, பொம்பளைங்க 5 நாள் வரைக்கும் தங்கலாம், டாக்டர், வக்கீல், கவுன்சலிங் எல்லாம் அங்கருந்தே ஏற்பாடு பண்ணுவோம்னாக. அதுக்கப்புறம் காப்பகம். காசு இல்லன்னாலும் போன் போகும். ஆனா கூப்பிட்டது போன்ல பதிவாகி இருக்கும், அழிச்சிருங்கன்னு அவுகளே சொன்னாக. மதினி போன அண்ணன் தெனம் பாக்குது, அதனால எதுன்னாலும் என் போன்லதான்னு முடிவு.

ஆதார், பேங்க் புக்கு, தாய் சேய் அட்டை, ஸ்கேன் சீட்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்தா தெரிஞ்சு போகும்னு ஒவ்வொண்ணா என் பீரோவுக்கு மாத்திக்கிட்டிருக்கோம். அட்டையில பாத்தேன், மதினிக்கு ரத்தம் பி நெகட்டிவ்.

வல்லத்துக்காரர், தொண்டி | 12 மே

எல்லாம் சரி, ஆனா ஊர்ப் பெரியவுகள ஒதுக்கிட்டு எதுக்கு ராமநாதபுரம்? நான் உக்காந்த பஞ்சாயத்துலயே அடிச்சவன மன்னிப்புக் கேக்க வச்சிருக்கோம், தண்டம் போட்டிருக்கோம்.

கீழக்கரைப் பொண்ணு | 12 மே

காக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தண்டத்த யாரு கட்டுனா? அந்த வீட்டுக் காசுதானே, அந்தப் பொண்ணோட காசு. மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு யாராச்சும் போயிப் பாத்தீங்களா?

வல்லத்துக்காரர், தொண்டி | 12 மே

பாக்கல.

பாம்பன் நாத்தனார் | 9 ஜூன், காலை

நேத்து ஞாயிறு ராத்திரி. சோறு ஆறிப்போச்சுன்னு சண்டை. வயித்துல உதைச்சிருச்சு. ரத்தம் எதுவும் வரல, வலி கொஞ்சம், அப்புறம் இல்லன்னு மதினி சொல்றாக. அம்மா "ஒண்ணுமில்ல, படு"ங்குறாக. போகணுமா?

செவிலியம்மா | 9 ஜூன், காலை 7.20

போ. இப்பவே. ஆரம்ப சுகாதார நிலையம் இல்லை, ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. 108 கூப்பிடு. ரத்தம் வராததை நம்பாதே. அடி பட்டால் நஞ்சுக்கொடி கருப்பையில் இருந்து விலகி, ரத்தம் உள்ளேயே தேங்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஏழாவது மாதம் அப்படித்தான், வெளியே ஒரு சொட்டு இல்லை, வயிறு மட்டும் கல்லாக இறுகியது. உடனே ஆபரேஷன் பண்ணித்தான் பிள்ளையை எடுத்தார்கள். எடை குறைந்த பிள்ளை, பிழைத்தது.

உன் மதினிக்கு 20 வாரம் ஆகப்போகிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அவள் நெகட்டிவ். பிள்ளை பாசிட்டிவாக இருந்து அதன் ரத்தம் கொஞ்சம் கலந்திருந்தால், அடுத்த பிள்ளையைப் பாதிக்கும் எதிர்ப்பு அவள் உடம்பில் உருவாகும். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை அடி பட்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். டாக்டரிடம் ரத்த வகையை நீயே முதலில் சொல்.

பாம்பன் நாத்தனார் | 10 ஜூன்

ஊசி போட்டாச்சு. ஸ்கேன் நல்லா இருக்கு, துடிப்பு இருக்கு. ஒரு நாள் வச்சுப் பாக்குறாக. வயிறு இறுகுதா, தண்ணி உடையுதா, ரத்தம் வருதான்னு மணிக்கொரு தரம் கேக்குறாக.

அங்க நடந்தத எழுதணும், வேற யாருக்காச்சும் உதவும். ஆம்புலன்ஸ்லயே அம்மா சொல்லிக் கொடுத்தாக, "படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு." அவசரப் பிரிவுல டாக்டரம்மா எப்படி அடி பட்டதுன்னு கேட்டாக. பக்கத்துல அம்மா. மதினி "விழுந்தேன்"னாக. டாக்டரம்மா எழுதல. பேனாவ வச்சுட்டு அம்மாவ வெளிய இருக்கச் சொன்னாக, திரையப் போட்டாக. திரும்பக் கேட்டாக. மதினி சொல்லிட்டாக.

அப்ப டாக்டரம்மா தெளிவாச் சொன்னாக: ஒருத்தர் அடிச்ச காயம்னா ஏ.ஆர். போடணும், விபத்துப் பதிவேடு, புறக்காவலுக்குத் தகவல் போகும். மறைக்க முடியாது. ஆனா புகார் கொடுக்கிறதா வேண்டாமாங்குறத போலீஸ் வந்து கேக்கும்போது நீங்க சொல்லலாம்னு. மதினி கொஞ்ச நேரம் யோசிச்சாக. எழுதுங்கன்னுட்டாக. போலீஸ்காரம்மா வந்தப்ப "இப்ப புகார் வேண்டாம்"னு எழுதிக் கொடுத்தாக.

எனக்கு ரெண்டு மனசா இருக்கு. புகார் கொடுத்திருக்கணுமோன்னு.

பரமக்குடி வக்கீல் | 10 ஜூன்

அவர் முடிவு. மாற்றிக்கொள்ளலாம். அந்த ஏ.ஆர். நகல்தான் பெரிய விஷயம், கேட்டு வாங்கி வையுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று பதிவாகி இருந்தால், நாளைக்குக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான். அப்படி எழுதிவிட்ட பெண்களுக்கும் வழி இருக்கிறது, ஏன் மாற்றிச் சொன்னோம் என்று விளக்கலாம். ஆனால் மேடேறுவது கஷ்டம்.

செவிலியம்மா | 10 ஜூன்

வக்கீல் தம்பியோடு எனக்கு ஒரு இடத்தில் ஒப்பவில்லை. ஏ.ஆர். போடுவார்கள் என்று பயந்தே ஆஸ்பத்திரிக்கு வராத பெண்கள் இருக்கிறார்கள். "விழுந்தேன்" என்று சொன்னாலும் பரவாயில்லை, வந்துவிடு என்றுதான் நான் சொல்வேன். தாளைப் பிறகு பார்க்கலாம், நஞ்சுக்கொடி விலகினால் பிறகு பார்க்க முடியாது.

மண்டபம் தோழி | 12 ஜூன்

எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு 17 வயசு, கல்யாணமாகி இப்ப மாசம், அடியும் விழுது. அவளும் இப்படி ரகசியமாச் சொல்லலாமா?

செவிலியம்மா | 12 ஜூன்

18 நிரம்பாத பிள்ளை என்றால் ரகசியம் கிடையாது. போக்சோ சட்டப்படி செவிலியரோ டாக்டரோ தெரிந்ததும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அவர்கள் மீது வழக்கு. அதைத் தெரிந்துகொண்டு அவள் வரவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098ல் பேசினால் அடுத்து என்ன ஆகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். அந்த வயதில் பிரசவமே ஆபத்து, அதனால் வராமல் இருப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அவளுக்கு இதில் எவ்வளவு பயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாம்பன் நாத்தனார் | 22 ஜூன்

மதினி இப்ப அவுக அம்மா வீட்ல, மூக்கையூர் பக்கம். டாக்டரம்மா "முழு ஓய்வு, தாய் வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு சீட்டுல எழுதிக் கொடுத்தாக. வளைகாப்புக்கு முன்னாலயே ஏன் போறான்னு தெருவுல யாரும் கேக்கல, டாக்டர் சொன்னாருன்னா முடிஞ்சது. ஊருக்கு இது ஓய்வு. எங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியும் என்னன்னு.

கடல் தொறந்தாச்சு, அண்ணன் போட்டுக்குப் போயிருச்சு. திங்கள், புதன், சனி அது கடல்ல. அந்த நாள்லதான் நானும் மதினியும் பேசுறோம்.

வல்லத்துக்காரர், தொண்டி | 23 ஜூன்

தாயி, கடல் தொறந்தா சரியாயிரும்னு நான் சொன்னது இருக்கே. அண்ணன் இப்ப எப்படி?

பாம்பன் நாத்தனார் | 23 ஜூன்

குடி கொறஞ்சிருக்கு. சந்தேகம் கொறையல. "எப்ப வருவா, யாரு வந்து போறா"ன்னு என்னையே தோண்டுது. கணக்க நான் இன்னும் சொல்லல. சொல்லணுமா வேண்டாமான்னு இன்னமும் தெரியல.

பாம்பன் நாத்தனார் | 15 ஜூலை

மதினி சேவை மையத்துக்குப் போயிட்டு வந்தாக. பாதுகாப்பு அலுவலர் அறிக்கை எழுதிட்டாக, மனு இன்னும் போடல. பிள்ளை பொறந்தப்புறம் பாக்கலாம்னு இருக்காக.

புதுசா ஒரு சிக்கல். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணம் மதினி கணக்குலதான் வருது, ஆனா ஏடிஎம் கார்டு அண்ணன்கிட்ட. போன வாரம் செக்கப் தேதி மெசேஜும் அண்ணன் போனுக்கு வந்திருக்கு. மதினி எங்க எப்ப போறாகன்னு அதுக்குத் தெரியுது.

செவிலியம்மா | 15 ஜூலை

அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மியில் பதிவு பண்ணும்போது வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்திருப்பார்கள், வழக்கமாக நடப்பதுதான். மூக்கையூர்ப் பகுதிச் செவிலியரிடம் சொல்லி, மதினி அம்மா நம்பருக்கோ உன் நம்பருக்கோ மாற்றச் சொல்லுங்கள். ஊர் மாறினாலும் பதிவு எண் அதேதான், புதிதாகப் பதிய வேண்டாம். அந்தச் செவிலியரிடம் ஒரு வார்த்தை: வீட்டுக்காரர் போன் பண்ணிக் கேட்டால் தேதி சொல்லக்கூடாது.

கார்டுக்கு, மதினி ஆதாரோடு பேங்க் கிளைக்கு நேரில் போகட்டும். பழைய கார்டை முடக்கிப் புதியது கேட்கலாம், கணக்கில் இருக்கும் போன் நம்பரையும் அங்கேயே மாற்றலாம். முதலில் நம்பர், பிறகு கார்டு. இல்லாவிட்டால் கார்டு முடங்கிய மெசேஜ் அண்ணனுக்குத்தான் போகும். அண்ணன் கடலில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள்.

பாம்பன் நாத்தனார் | 15 ஜூலை

நாளைக்கு புதன். போறோம்.